செகண்ட் ஹேண்ட் ரோட் பைக் போட்டோவுல லோகோ பக்கா, ஆனா சைக்கிள் காப்பியா? அறிகுறி வாரியா பாக்கற விதம்

போன மாசம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல ஆறு போட்டோ அனுப்பினான். "அண்ணா, பினரெல்லோ டாக்மா எஃப்8, 2015 வண்டியாம், அல்டெக்ரா குரூப்செட், 95,000 சொல்றாங்க, லோகோ எல்லாம் பக்காவா இருக்கு, ஒரிஜினல் தானான்னு பாத்து சொல்லுங்க". கூடவே டவுன் ட்யூப்ல இருக்கற பெரிய பேரை மட்டும் பெருசாக்கி சிவப்பு வட்டம் போட்டு தனியா ஒரு ஸ்க்ரீன்ஷாட் வேற. எல்லாரும் இங்கதான் ஆரம்பிக்கறாங்க, காப்பி அடிக்கறவனும் இங்கதான் ஆரம்பிக்கறான். பெரிய லோகோவை ஸ்கேன் பண்ணி ட்ரேஸ் எடுத்து டீகால் அடிக்கறது ஒரு ஸ்டிக்கர் கடைக்கு அரை நாள் வேலை, அதனால அது சரியா இருக்கறதால ஒண்ணும் நிரூபணம் ஆகாது. அவன் கோட்டை விடற இடம் சின்ன எழுத்து. மாடல் கோடு, தேதி கோடு, அப்ரூவல் லேபிள், கிராங்க் அச்சு சுத்தற பாட்டம் பிராக்கெட் கப்புல இருக்கற த்ரெட் சைஸ் இந்த மாதிரி. ஏன்னா அதெல்லாம் அழகா இருந்தா மட்டும் போதாது, ஒண்ணுக்கொண்ணு ஒத்தும் போகணும்.

பினரெல்லோ டாக்மாவை உதாரணமா எடுத்துக்கறதுக்கு காரணம் இருக்கு, ரொம்ப வருஷமா அதிகமா காப்பி அடிக்கப்படற கார்பன் ஃப்ரேம்ல அது ஒண்ணு, அதுக்குன்னு "சைனரெல்லோ"ன்னு தனி பட்டப்பேரே இருக்கு. மத்த பிராண்டுக்கும் முறை இதேதான், நம்பர்கள்தான் மாறும்.

முதல்ல: போட்டோவே சரியில்லைன்னா

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பற படம் கம்ப்ரஸ் ஆகி வரும், சின்ன எழுத்து எல்லாம் அதுலயே கரைஞ்சு போயிடும். அதனால எதையும் பெருசாக்கி பாக்கறதுக்கு முன்னாடி விக்கறவர்கிட்ட "டாக்குமெண்ட்டா அனுப்புங்க"ன்னு கேளுங்க, அப்பதான் போன் எடுத்த ஒரிஜினல் ஃபைல் வரும். சைக்கிளை நிழல்ல நிறுத்தி, மூணு மீட்டர் தள்ளி நின்னு, கேமராவை ட்யூப் உயரத்துக்கு இறக்கி, ரெண்டு மடங்கு ஜூம் வச்சு எடுக்கச் சொல்லுங்க. கிட்டப்போய் ஒரு அடியில எடுத்தா போன்ல இருக்கற வைட் லென்ஸ் நடு எழுத்தை உப்ப வச்சிடும், ஓரத்து எழுத்தை சுருக்கிடும், அப்புறம் நாம அதை பாத்துட்டு "ஃபான்ட் தப்பு"ன்னு கத்துவோம்.

முழு சைக்கிள் ரெண்டு பக்கமும் வேணும், அதுக்கு மேல நாலு குளோசப்: கிராங்க் கையோட உள்பக்கம் பெடல் மாட்டற இடத்துக்கு கிட்ட, பாட்டம் பிராக்கெட் கப்போட விளிம்பு ரெண்டு பக்கமும், சீட் ட்யூப்ல இருக்கற குட்டி லேபிள், பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில இருக்கற சீரியல் நம்பர் ஏரியா. இந்த நாலையும் கேட்டா "எதுக்கு சார் இதெல்லாம், வாங்கறதா இருந்தா நேர்ல வாங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அதை வச்சு மட்டும் நான் சந்தேகப்பட மாட்டேன், நிறைய பேருக்கு நிஜமாவே கிராங்கோட உள்பக்கம் எங்க இருக்குன்னே தெரியாது. படத்துல வட்டம் போட்டு அனுப்பினா எடுத்து தருவாங்க.

வந்த படங்களை ஒரு தடவை கூகுள் லென்ஸ்ல போட்டு பாத்துடுங்க. வேற ஊர்ல, வேற வருஷத்துல, வேற விலைக்கு அதே படம் விளம்பரத்துல இருந்தா மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

அறிகுறி: பெரிய லோகோ எழுத்து ஏதோ இடிக்குது, ஆனா எதுன்னு சொல்ல தெரியல

மூணு காரணம் இருக்கலாம்: லென்ஸ் கோளாறு, ரீபெயின்ட் பண்ணி புதுசா ஒட்டின டீகால், இல்ல காப்பி. பிரிச்சு பாக்க கண்ணை நம்பாதீங்க, அளவு எடுங்க.

எடுக்க வேண்டியது விகிதம். பேரோட மொத்த நீளத்தை ஒரு எழுத்தோட உயரத்தால வகுங்க. ஸ்க்ரீன்ல ஸ்கேல் வச்சாலும் சரி, ஃபோட்டோ எடிட்டர்ல பிக்சல் எண்ணினாலும் சரி. அதே மாடல், அதே வருஷம், அதே கலர்ல கம்பெனி கேட்லாக் படத்துலயும் அதையே எடுங்க. அதே கலர்னு ஏன் சொல்றேன்னா ஒரே வருஷத்துல கலர் ஸ்கீமுக்கு ஏத்த மாதிரி லோகோ அமைப்பு மாறும். அப்புறம் லோகோ பாட்டில் போல்ட்டுக்கு மேலயா கீழயான்னு இடத்தை வச்சு முடிவு கட்டாதீங்க, 46 சைஸ் ஃப்ரேம்லயும் 56 சைஸ் ஃப்ரேம்லயும் ட்யூப் நீளம் வேற, டீகால் அதே அளவாவும் இருக்கலாம், சுருக்கியும் போட்டிருக்கலாம்.

நிஜ அளவு மில்லிமீட்டர்ல வேணும்னா படத்துலயே ஸ்கேல் இருக்கு. பாட்டில் கேஜுக்கு ரெண்டு போல்ட் மட்டும் இருக்கற இடத்துல போல்ட் நடுவுல இருந்து போல்ட் நடுவு வரைக்கும் 64 மிமீ. செயின்ல ஒரு பின்ல இருந்து அடுத்த பின் 12.7 மிமீ, பத்து இடைவெளி எண்ணினா 127 மிமீ, எந்த பிராண்ட் செயினா இருந்தாலும் அதே. நீங்க அளக்கற எழுத்தும் ஸ்கேலும் கேமராவுல இருந்து ஏறக்குறைய ஒரே தூரத்துல இருக்கணும், அவ்வளவுதான். செயினை ஸ்கேலா வச்சு இடது பக்க ஃபோர்க்கை அளந்தா தப்பாதான் வரும்.

போன்ல எடுத்த படத்துல 3, 4 சதவீதம் வித்தியாசம் சும்மாவே வரும், அதனால 5 சதவீதத்துக்கு கீழ இருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். தம்பி அனுப்பின படத்துல எனக்கு 2 சதவீதம்தான் வந்துச்சு, அதாவது பெரிய லோகோ பாஸ். அவன் உடனே ஒரு ஹார்ட் எமோஜி போட்டான். இருடா, இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்னேன்.

அறிகுறி: சின்ன எழுத்து மங்கலா, உள்ள அடைச்ச மாதிரி இருக்கு

நல்ல டீகால்ல ரெண்டு மிமீ உயரத்துல இருக்கற எழுத்துலயும் 'a', 'e', '8' இதுக்குள்ள இருக்கற ஓட்டை தெளிவா தெரியும். ஸ்கேன் பண்ணி அடிச்சதுல அந்த ஓட்டை பாதி அடைச்சுக்கும், உள் மூலைகள் கூரா இல்லாம உருண்டு போயிருக்கும். பிரச்சனை என்னன்னா மோசமான போட்டோவும் இதே மாதிரிதான் காட்டும்.

இதுக்கு நான் பண்ற வேலை ரொம்ப சிம்பிள். அதே படத்துல, அதே தூரத்துல, நிச்சயமா ஒரிஜினல்னு நம்பக்கூடிய வேற ஒரு சின்ன எழுத்தை தேடுவேன். டயர் பக்கவாட்டுல 700x25C, அதுக்கு பக்கத்துல பிரஷர் நம்பர், கியர் மாத்தற டீரேலர்ல மாடல் பேர் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். டயர்ல இருக்கற குட்டி எழுத்து கத்தி மாதிரி தெளிவா இருந்து, அதுக்கு ஒரு சாண் மேல இருக்கற ஃப்ரேம் எழுத்து மட்டும் கரைஞ்சிருந்தா கேமராவை குத்தம் சொல்ல முடியாது, டீகால்தான் அப்படி. ரெண்டுமே கரைஞ்சிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது, வேற போட்டோ கேளுங்க.

தம்பியோட படத்துல டயர் எழுத்து படிக்க வந்துச்சு, சீட் ட்யூப் லேபிள் வரல. சரி, அதை குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அறிகுறி: எழுத்து ஓரம் தூக்கிட்டு நிக்குது, நிழல் விழுது

ராத்திரி லைட்டை அணைச்சிட்டு டார்ச்சை ட்யூபுக்கு பக்கவாட்டுல கிட்டத்தட்ட ஒட்டி வச்சு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. கிளியர் கோட்டுக்கு அடியில இருக்கற டீகால்னா வெளிச்சம் வழுக்கிட்டு போகும். மேல ஒட்டின வினைல்னா எழுத்தோட ஒவ்வொரு ஓரத்துலயும் மெல்லிசா ஒரு கோடு தெரியும்.

கோடு தெரிஞ்சா உடனே காப்பின்னு முடிவு பண்ணாதீங்க, இங்கதான் நிறைய பேர் ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க. சைஸ் ஸ்டிக்கர், எச்சரிக்கை ஸ்டிக்கர், டீலர் ஸ்டிக்கர் எல்லாம் ஒரிஜினல்லயே வெளியில ஒட்டி வரும். ஆனா பெரிய லோகோவே தூக்கிட்டு இருந்தா ஃப்ரேமை யாரோ ரீபெயின்ட் பண்ணி வாங்கின ஸ்டிக்கரை ஒட்டியிருக்காங்கன்னுதான் முதல்ல நினைக்கணும். அதுல என்ன பயம்னா கார்பன் ஃப்ரேமை யாரும் சும்மா ரீபெயின்ட் பண்றதில்ல, விழுந்து உடைஞ்சு பேட்ச் போட்டதை மறைக்கற பெயின்ட்டாவும் இருக்கலாம். என்னைக் கேட்டா ரிப்பேரை மறைச்ச ஒரிஜினல் ஃப்ரேமும் காப்பி ஃப்ரேமும் ஒரே அளவு ஆபத்துதான்.

மறுபக்கம், கோடு தெரியலைங்கறதுக்காக ஒரிஜினலும் ஆகிடாது. வாட்டர் டீகால் ஒட்டி மேல கிளியர் கோட் அடிக்கறது காப்பி ஃபேக்டரிக்கும் தெரிஞ்ச வேலைதான். தம்பி பாத்த ஃப்ரேம்ல டார்ச் படம் சுத்தமா வழவழன்னு வந்துச்சு.

அறிகுறி: ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா சரி, ஆனா சேத்து படிச்சா கதை ஒட்டல

இந்த இடத்துலதான் நேரம் செலவு பண்ணணும்.

டாக்மாவை எடுத்துக்கிட்டா மாடல் பேரும் கார்பன் ஸ்டிக்கரும் ஜோடியா வரும். பழைய 60.1, 65.1ங்கற பேரே டோரே கம்பெனியோட 60 டன், 65 டன் கார்பன்ல இருந்து வந்ததுதான், அதனால 65.1 ஃப்ரேம்ல அந்த 65ங்கற நம்பர் கார்பன் ஸ்டிக்கர்லயும் இருக்கும். 2014ல எஃப்8 வந்தப்பதான் டோரேவோட T1100 கார்பன் வந்துச்சு, அப்புறம் 2017ல எஃப்10, 2019ல எஃப்12. ஆக 65.1னு எழுதி பக்கத்துல T1100 ஸ்டிக்கர் இருந்தா ரெண்டுல ஒண்ணு பொய். நல்லா ஸ்டைலா இருக்கட்டும்னு லேட்டஸ்ட் ஸ்டிக்கரை பழைய மோல்டு மேல ஒட்டற வேலை இது. தம்பியோட சைக்கிள்ல எஃப்8, T1100, ரெண்டும் ஒத்துப்போச்சு.

அடுத்தது யுசிஐ, அதாவது உலக சைக்கிள் பந்தய சங்கத்தோட லேபிள். 2011 ஜனவரி 1ல இருந்து, ரேஸ்ல ஓட்டறதுக்குன்னு புதுசா வர்ற ஃப்ரேம், ஃபோர்க் மாடல் யுசிஐ அனுமதி வாங்கணும்னு விதி, வாங்கினா ஃப்ரேம்ல ஒரு சின்ன லேபிள் வரும். அதுல ஒரு கோடு, அதாவது குறியீடு, இருக்கும், கம்பெனியை குறிக்கற எழுத்துகள், நடுவுல மாடல், கடைசியில எந்த வகைங்கறது, ரோட் சைக்கிள்னா RD. அனுமதி குடுத்த மாடல் பட்டியலை யுசிஐ தன்னோட சைட்லயே பிடிஎஃப்பா போட்டிருக்கு, யார் வேணா எடுத்து கம்பெனி பேர்ல தேடி பாக்கலாம். காப்பி அடிக்கறவன் இந்த லேபிளை ஒரு அலங்காரமாதான் பாக்கறான், கையில கிடைச்ச ஏதோ ஒரு ஃப்ரேம்ல இருந்து ஸ்கேன் பண்ணி எல்லா மாடலுக்கும் அதையே ஒட்டறான்.

லேபிள் இல்லைன்னா? 2011க்கு முன்னாடியே வந்த மாடலா இருக்கலாம், ரீபெயின்ட்ல மறைஞ்சிருக்கலாம். அதனால இல்லாததை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. இருந்து, வேற மாடலோட கோடா இருந்தாதான் பிரச்சனை, அதுக்கு நல்ல மாதிரி ஒரு விளக்கமே கிடையாது. ஃபோர்க் மாத்தியிருந்தா ஃபோர்க் லேபிள் வேறயா வரும், அது சகஜம், ஃப்ரேம் லேபிள் அப்படி மாறாது.

தம்பியை மறுபடி கேட்க வச்சேன், விக்கறவர் பாவம் பொறுமையா லேபிளை துடைச்சு எடுத்து அனுப்பினார். படிக்க முடிஞ்சுது, பிடிஎஃப்ல தேடினேன், பினரெல்லோ கோடுதான், ஆனா எஃப்8க்கு இல்ல, அதே கம்பெனியோட வேற பழைய மாடலுக்கு. இப்ப தம்பிகிட்ட இருந்து எமோஜி வரல.

மூணாவது, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம், பாட்டம் பிராக்கெட் கப். டாக்மா எஃப்8, எஃப்10, எஃப்12 எல்லாத்துலயும் இத்தாலியன் த்ரெட்தான், 70 மிமீ அகல ஷெல், 36 மிமீ விட்டம். ஊர்ல சாதாரணமா பாக்கற பிரிட்டிஷ் த்ரெட்னா 68 மிமீ அகலம், 1.37 அங்குலம், அதாவது 34.8 மிமீ. திருகற பெரும்பாலான கப்போட விளிம்புல இந்த சைஸை எழுதியிருப்பாங்க, இத்தாலியன்னா 36x24, பிரிட்டிஷ்னா 1.37x24. கிராங்கை கழட்டாமலே, கிராங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியில போனை சாய்ச்சு எடுத்தா எழுத்து பாதியாவது விழும். 1.37னு இருக்கற கப் 36 மிமீ ஓட்டையில நிக்காது, ஒரு மிமீக்கு மேல லூஸ். பிரிட்டிஷ் த்ரெட் கெட்டுப்போனா அதை இழைச்சு இத்தாலியன் ஆக்கறவங்க உண்டு, இத்தாலியனை சுருக்கி பிரிட்டிஷ் ஆக்க முடியாது, உள்ள ஏதாவது ஸ்லீவ் அடிச்சு ஒட்டினாதான் உண்டு, அப்படி ஒரு ரிப்பேர் பண்ணின ஃப்ரேமையும் நான் வாங்க மாட்டேன்.

கவனிக்க வேண்டிய ரெண்டு விஷயம். கப்புல எழுத்தே இல்லாத வெளி பிராண்ட் கப்பும் இருக்கு, அப்ப இந்த சோதனை செல்லாது. அப்புறம் இத்தாலியன் த்ரெட்டோடயே வர்ற காப்பியும் இருக்கு, அதனால 36ன்னு தெரிஞ்சா நிம்மதி ஆகிடாதீங்க. தப்பா வந்தா ஃப்ரேமை கழிச்சுடலாம், சரியா வந்தா அடுத்த சோதனைக்கு போகணும், அவ்வளவுதான் இதோட பலம்.

தம்பி அனுப்பின படத்துல வலது கப்ல தூசிக்கு நடுவுல 1.37 பளிச்சுன்னு. லேபிளும் வேற மாடல், கப்பும் வேற த்ரெட். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத இடத்துல இருக்கற சாட்சி, ரெண்டும் ஒரே பக்கம் கை காட்டுது, ஃப்ரேம் காப்பின்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்.

அறிகுறி: கிராங்க்ல பேர் இருக்கு, கோடு இல்ல, இல்ல கோடு மாடலோட ஒட்டல

"அப்ப குரூப்செட்டும் டூப்ளிகேட்டாண்ணா?"ன்னு கேட்டான். குரூப்செட்னா கிராங்க், கியர், பிரேக் எல்லாம் சேந்த செட், அல்டெக்ரா ஷிமானோ கம்பெனியோடது. அதை தனியா பாக்கணும், காப்பி ஃப்ரேம்ல ஒரிஜினல் பார்ட்ஸ் மாட்டி ஓட்டறவங்க நிறைய, சொல்லப்போனா அதுதான் வழக்கம்.

ஷிமானோ கிராங்க் கையோட பின்பக்கம், பெடல் மாட்டற இடத்துல, ரெண்டு எழுத்து தேதி கோடு இருக்கும். முதல் எழுத்து வருஷம், ரெண்டாவது எழுத்து மாசம். மாசம் சுலபம், A ஜனவரி, L டிசம்பர். வருஷம் 1976ல A ஆரம்பிச்சு 2001ல Z முடிஞ்சு, 2002ல மறுபடி A. அப்படியே எண்ணிட்டே வந்தா:

```
K=2012  L=2013  M=2014  N=2015
O=2016  P=2017  Q=2018  R=2019
```

இதுல இருந்து ரெண்டு உடனடி சோதனை கிடைக்குது. ரெண்டாவது எழுத்து L தாண்டி போகவே கூடாது, KPன்னு இருந்தா ஒண்ணு அது தேதி கோடே இல்ல, வேற ஏதோ முத்திரையை படிச்சிருக்கீங்க, இல்ல யாரோ கற்பனையா அடிச்சது. ரெண்டாவது, மாடல் வர்றதுக்கு முன்னாடி தேதி இருக்கக் கூடாது. அல்டெக்ரா R8000 சீரிஸ் வெளியானது 2017 நடுவுல. FC-R8000ன்னு எழுதி கோடு MFன்னு இருந்தா அது 2014 ஜூன், அந்த கிராங்க் பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே தயாரான மாதிரி. O, Q ரெண்டையும் மங்கலான படத்துல குழப்பிக்காதீங்க, ரெண்டு வருஷம் தள்ளிப் போயிடும், Qவோட வால் தெரியற வரைக்கும் வேற கோணத்துல கேளுங்க.

இடது கை, வலது கை ரெண்டோட கோடையும் படிங்க. ஒண்ணு ரெண்டு மாசம் வித்தியாசம் சாதாரணம். ரெண்டு மூணு வருஷம்னா ஒரு கையை மாத்தியிருக்காங்க, காப்பி இல்ல, ஆனா ஏன் மாத்தினாங்கன்னு கேளுங்க, விழுந்த கதை ஒண்ணு வெளிய வரும்.

கிராங்கை விட செயின், பிரேக் பேட், க்ளீட் இதுலதான் காப்பி அதிகம்னு என் அனுபவம், அதை போட்டோவுல பாத்து நேரத்தை வீணாக்காதீங்க. தேயற சாமான், எப்படியும் மாத்த போறீங்க, செலவுல சேத்துக்கோங்க.

தம்பியோட கிராங்க்ல ரெண்டு பக்கமும் PJ. P 2017, J பத்தாவது மாசம், 2017 அக்டோபர். FC-R8000க்கு சரியா பொருந்துது. உள்பக்க எழுத்து கூர்மை, நீளம் 172.5ன்னு ரெண்டு கையிலயும் ஒண்ணு போல. 2015 வண்டியில 2017 கிராங்க்னா பின்னாடி மாத்தினதுன்னு அர்த்தம், அதுல தப்பில்ல. எனக்கு இது ஒரிஜினல்னுதான் பட்டுது.

ஆனா இங்க ஒரு சுருக்கு இருக்கு. ஒரிஜினலா இருக்கறதாலயே இந்த கிராங்க்ல ஒரு வேலை பாக்கி. 2023 செப்டம்பர்ல ஷிமானோ ஒரு இன்ஸ்பெக்ஷன் அறிவிப்பு விட்டுச்சு, 2012 ஜூன்ல இருந்து 2019 ஜூன் வரைக்கும் தயாரான 11 ஸ்பீட் அல்டெக்ரா, டியூரா ஏஸ் கிராங்க், அதாவது FC-6800, FC-R8000, FC-9000, FC-R9100, பவர் மீட்டர் வெச்ச FC-R9100-P. உலகம் பூரா சுமார் 28 லட்சம் கிராங்க். கை ரெண்டு பாகமா ஒட்டி செஞ்சது, அந்த ஒட்டு பிரிஞ்சு ஓட்டும்போதே உடையுது. கோடு KFல இருந்து RF வரைக்கும். PJ நடுவுல உக்காந்திருக்கு. அதனால தேதி கோடு படிக்க கத்துக்கிட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, காப்பியான்னும் தெரியுது, டீலர்கிட்ட காட்டி பிரிஞ்சிருக்கான்னு பாக்க வேண்டியதான்னும் தெரியுது. போட்டோவுல அந்த பிரிவு முடி மாதிரி ஒரு கோடாதான் தெரியும், அழுக்கோட இருந்தா அதுவும் தெரியாது, போட்டோ பாத்து "நல்லாதான் இருக்கு"ன்னு யாரும் சொல்ல முடியாது.

அறிகுறி: ரிம்ல பெரிய பேர், ஆனா ஹப்ல பேரே இல்ல

சுருக்கமா சொல்லிடறேன். கார்பன் ரிம்முக்கு ஸ்டிக்கர் செட் தனியா ஆன்லைன்ல கிடைக்குது, எந்த ரிம்முக்கும் எந்த பேரும் வாங்கி ஒட்டிக்கலாம், நிறைய பேர் ஏமாத்தறதுக்குன்னு இல்லாம அழகுக்கே ஒட்டறாங்க. அதனால ரிம் ஸ்டிக்கரை சாட்சியா எடுத்துக்கவே மாட்டேன். ரிம் உயரத்தை மட்டும் அளந்து பாருங்க, 25 டயர் போட்ட சக்கரத்தோட மொத்த விட்டம் சுமார் 672 மிமீ (622 கூட ரெண்டு பக்கமும் 25), நேர் பக்கவாட்டு படத்துல அதை ஸ்கேலா வச்சா ரிம் உயரம் வந்துடும். 60ன்னு எழுதி அளந்தா 45 வந்தா, பேர் எங்கயோ இருந்து வந்திருக்கு. தம்பி பாத்ததுல சாதாரண அலுமினியம் சக்கரம், ஸ்டிக்கர் பிரச்சனையே இல்ல.

கடைசியில என்ன ஆச்சுன்னா, விக்கறவர்கிட்ட நேரா சொல்லிட்டான், லேபிள் கோடு, கப் ரெண்டோட படத்தையும் அனுப்பி. அவர் சண்டை போடல, அவரும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவர்தான், ரெண்டு வருஷமா தெரியாமலே நூறு நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கார். சாயங்காலம் அவரே கூப்பிட்டு "தம்பி, ஃப்ரேமை நான் சுவத்துல மாட்டிக்கறேன், குரூப்செட்டும் சக்கரமும் வேணா எடுத்துக்கோ"ன்னாராம். செயின், பிரேக் பேட் புதுசு வாங்கற காசை கழிச்சுட்டு 32,000க்கு முடிச்சான். கிராங்கை கழட்டி டீலர்கிட்ட குடுத்து பத்து நாள் ஆச்சு, இன்னும் ரிசல்ட் வரல, அதுவரைக்கும் பழைய சைக்கிள்லதான் ஓட்டிட்டிருக்கான்.